புகாரில் பாதிதான் உண்மை என்றால் என்ன செய்வது? இயற்கை நீதி பற்றி ஓர் எளிய விளக்கம்

அலுவலகத்தில் ஒருவர் மேல் புகார் வந்தால் அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் ரெண்டு கட்சி உருவாகிவிடும். "நெருப்பில்லாமல் புகையுமா" என்று ஒரு கட்சி. "அந்தம்மாவைப் பற்றித் தெரியாதா, வேணும்னே எழுதியிருக்கும்" என்று இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், என்ன நடந்தது என்று கேட்காமல் யார் எப்படிப்பட்டவர் என்று பேசுகிறார்கள். இதைவிட மோசம், புகாருக்கு ஆளானவரும் அதே பேச்சை எழுத்தில் போட்டு, கையெழுத்தும் போட்டு, விளக்கம் என்ற பெயரில் கொடுத்துவிடுவது. சங்க வேலையில் இருந்ததால் இப்படிப்பட்ட விளக்கக் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். பாதி உண்மையும் பாதி மிகையுமாக இருந்த புகாரில் எளிதாக வெளியே வந்திருக்க வேண்டியவர்கள், புகார் கொடுத்தவரைத் திட்டி எழுதியே மாட்டிக்கொண்டதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

அதனால் "நியாயமான விசாரணை" என்று எல்லாரும் சொல்கிறோமே, அதற்குள் என்ன இருக்கிறது, அதை எந்தக் கட்டத்தில் எப்படிக் கேட்பது என்று முதலிலிருந்து பார்ப்போம். எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உதவாது. தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் நடக்கும் துறை விசாரணையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

## அம்மா என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் சின்னவன் அழுதுகொண்டே வந்து "அண்ணன் என்னை எப்பப் பார்த்தாலும் அடிக்கிறான்" என்கிறான். அம்மா பெரியவனைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்காமல் முதுகில் ரெண்டு வைக்கிறாள். பெரியவன் உண்மையிலேயே அடித்திருக்கலாம், ஆனாலும் அவனுக்கு அது அநியாயமாகத்தான் படும், ஏனென்றால் அவனை யாரும் கேட்கவில்லை. சரி, கேட்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். "எப்பப் பார்த்தாலும்" என்றால் அவன் என்ன பதில் சொல்வான்? "இன்னைக்கு மத்தியானம் கேரம் விளையாடும்போது கையில் அடிச்சியா?" என்று கேட்டால்தான் அடித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். இன்னொன்று, தீர்ப்புச் சொல்லும் வேலையை அம்மா சின்னவனிடமே கொடுத்துவிட முடியாது.

சட்டத்தில் இயற்கை நீதி என்பது இந்த அளவு எளிமையான விஷயம்தான். ஒருவருக்குப் பாதகமான முடிவை எடுப்பதற்கு முன்னால், எழுதப்பட்ட விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்பற்றியே ஆக வேண்டிய குறைந்தபட்ச நேர்மைக்குத்தான் அந்தப் பெயர். அதில் ரெண்டு தூண்கள். ஒன்று, எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். இன்னொன்று, தனக்குச் சம்பந்தமுள்ள விஷயத்தில் ஒருவர் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இரண்டாவது எவ்வளவு கறாரானது என்பதற்கு 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரைபக் வழக்கைச் சொல்வார்கள். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் எடுத்த தேர்வுக் குழுவில், அங்கே பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலராக இருந்தவர் ஓர் உறுப்பினர். அதே பதவிக்கு அவரும் ஒரு போட்டியாளர். தன் பெயர் வந்தபோது அவர் விலகி நின்றார், ஆனால் போட்டியாளர்களைப் பற்றிப் பேசும்போது உட்கார்ந்திருந்தார். அது போதும் என்று தேர்வையே ரத்து செய்தது நீதிமன்றம். அவர் உண்மையில் பாரபட்சம் காட்டினாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை, காட்டக்கூடும் என்று நியாயமாக நினைக்க இடம் இருந்தாலே போதும் என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது.

சுருக்கமாக, உங்களைக் கேட்க வேண்டும், எதைப் பற்றி என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும், கேட்பவர் அதில் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும்.

## ஒரு புகார், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

இனி ஓர் உதாரணம். கற்பனையானதுதான், ஆனால் இந்த மாதிரிதான் வரும்.

ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஊழியர் ஜனவரியில் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வேண்டும், அதற்கான கருத்துருவை அந்த அலுவலகம்தான் தயாரித்து மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலை ஓர் இளநிலை உதவியாளரின் மேசையில் இருக்கிறது. ஜூலை 15 அன்று அந்த அம்மா உயரதிகாரிக்கு ஒரு மனு கொடுக்கிறார். "ஆறு மாதமாக என்னை அலைக்கழிக்கிறார், போகும்போதெல்லாம் எல்லார் முன்னாலும் மிரட்டுகிறார், பணம் எதிர்பார்க்கிறார்."

நடந்தது இது. விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்ததே மார்ச் 12-இல்தான். பணிப்பதிவேட்டில் அந்த அம்மா பிறந்த ஆண்டு ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருந்ததால், சான்று கேட்டு மார்ச் 20-இல் கடிதம் போயிருக்கிறது. நடுவில் ஏப்ரல் 28 அன்று அவர் சான்று இல்லாமல் வந்தபோது நம்மவர் குரலை உயர்த்தி "எத்தனை தடவைம்மா சொல்றது, பேப்பர் இல்லாம வராதீங்க" என்று சொன்னது உண்மை. மே 28-இல் சான்று வந்தது, ஜூன் 9-இல் கருத்துரு போய்விட்டது. பணம் என்ற பேச்சே நம் உதவியாளர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஆக மூன்று குற்றச்சாட்டில் ஒன்று மிகை, ஒன்றில் ஒரு பகுதி உண்மை, ஒன்று உண்மையில்லை. பெரும்பாலான புகார்கள் இந்தக் கலவையில்தான் வருகின்றன. முழுப் பொய் என்பது அபூர்வம். "எல்லாம் பொய்" என்று ஒற்றை வரியில் எழுதும் விளக்கம் தோற்பது இதனால்தான், அந்த ஒரு ஏப்ரல் 28-ஐ யாராவது பார்த்திருந்தால் மீதி ரெண்டு மறுப்பும் அதோடு சேர்ந்து மதிப்பிழந்துவிடும்.

## மெமோ வந்தால் முதலில் பார்க்க வேண்டியது

புகார் வந்ததும் உயரதிகாரி வாய்மொழியாகவோ ஒரு சின்னக் கடிதத்திலோ விவரம் கேட்பார். இது முதற்கட்ட விசாரணை, நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். இந்த இடத்தில்தான் பயந்துபோய் "தெரியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எது நடந்துவிட்டது? மூன்றுமா? அந்தக் காகிதத்தில் பிரித்துச் சொல்லவில்லை, அதனால் நாளைக்குப் பணம் கேட்டதையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாகவே வாசிப்பார்கள். மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் எதற்கு என்று தேதியோடு எழுதுங்கள்.

அதற்கு அடுத்து வருவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது உங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டு இன்னது என்று அலுவலகம் முறைப்படி எழுதித் தரும் ஆணை. பேச்சில் சார்ஜ் மெமோ. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17-ஆவது விதியின் கீழ் இது ரெண்டு வகையில் வரும். 17(அ) என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கானது, பெரும்பாலும் எழுத்து விளக்கத்தோடு முடிந்துவிடும். 17(ஆ), எல்லாரும் செவன்டீன் பி என்பது, பதவியிறக்கம், பணிநீக்கம் வரை போகக்கூடிய பெருந்தண்டனைகளுக்கானது. அதில் குற்றச்சாட்டைத் திட்டவட்டமாக எழுதி, அது எந்தச் சம்பவங்களின் அடிப்படையில் என்ற விவரத்தையும் இணைத்துத் தர வேண்டும், வாய்மொழி விசாரணை வேண்டுமா என்றும் உங்களைக் கேட்க வேண்டும். வேண்டும் என்று எழுதுங்கள். உண்மைகளை மறுக்கும் ஒருவர் "வேண்டாம்" என்று எழுதினால் சாட்சிகளைக் கேள்வி கேட்கும் வாய்ப்பைத் தானே விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம்.

நம் உதாரணத்தில் 17(ஆ) வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது குற்றச்சாட்டு இப்படி: "மனுதாரரிடம் பணம் எதிர்பார்த்து, கடமையில் நேர்மை தவறியமை." அவ்வளவுதான், தேதி இல்லை, தொகை இல்லை, எந்த இடத்தில் யார் முன்னால் என்று இல்லை. இதற்குப் பதில் எழுத உட்காராதீர்கள். இது அம்மாவிடம் சின்னவன் சொன்ன "எப்பப் பார்த்தாலும்" மாதிரி. பதில் எழுதுவதற்கு முன்னால் விவரம் கேட்டு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், மெமோவில் கொடுத்த கெடு முடிவதற்குள் கொடுக்க வேண்டும். தெளிவில்லாத குற்றச்சாட்டும், அடிப்படை விவரம் தராமல் விடுவதும் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பையே மறுப்பதாகும் என்று 1970-இல் சூரத் சந்திர சக்ரவர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் இது சலுகை கேட்பது ஆகாது.

அந்தக் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"குற்றச்சாட்டு எண் 3-இல் நான் பணம் எதிர்பார்த்ததாகக் கூறப்பட்டுள்ளது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தச் சொல் அல்லது செயல் மூலம் என்ற விவரம் அடிப்படை விவரத்தில் இல்லை. அது தெரிந்தால்தான் நான் குறிப்பாக விளக்கம் அளிக்க இயலும். அவ்விவரத்தையும், மனுவின் நகல், மனுதாரரின் முதற்கட்ட வாக்குமூலத்தின் நகல், மார்ச் முதல் ஜூலை வரையிலான எனது தன்பதிவேடு மற்றும் அனுப்புகைப் பதிவேட்டின் நகல்கள் ஆகியவற்றையும் வழங்குமாறும், அவை கிடைத்த நாளிலிருந்து விளக்கமளிக்க 15 நாள் அவகாசம் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தன்பதிவேடு என்பது ஒரு உதவியாளரிடம் வரும் ஒவ்வொரு தபாலும் என்று வந்தது, அதன் மேல் என்று என்ன செய்யப்பட்டது என்று அவரே எழுதி, மேலே உள்ளவர் பார்த்துக் கையெழுத்திடும் பதிவேடு. உங்களைக் காப்பாற்றப் போவது இந்தப் பழுப்பு அட்டைப் பதிவேடுதான், நண்பர்களின் நற்சான்று அல்ல. அந்தக் கடிதத்தில் மனு கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் கவனியுங்கள், அவர் சொன்னது என்ன என்று மட்டும்தான் கேட்கிறது. ஆவணத்தைத் தர மறுத்தால் எது மறுக்கப்பட்டது, அது இல்லாததால் எந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று மறுபடி எழுதி, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கி வையுங்கள். இது பின்னால் உதவும், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இதுவரை சொன்னது: முதல் பயத்தில் ஒட்டுமொத்த மன்னிப்பு எழுதாதீர்கள், தெளிவில்லாத குற்றச்சாட்டுக்கு விவரம் கேளுங்கள், பதிவேடுகளின் நகலை வாங்குங்கள், எல்லாம் எழுத்தில்.

## விளக்கம் எழுதுவது: ஆறு மாதமும் இருபது நாளும்

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம், ஆறு மாதம் காலம் தாழ்த்தியது. கோபத்தில் இருக்கும் உதவியாளர் எழுதும் விளக்கம் எனக்கு மனப்பாடம்: "மனுதாரர் வேண்டுமென்றே பொய்யாக ஆறு மாதம் என்று கூறி என் பெயரைக் கெடுக்க முயல்கிறார்." இதை விசாரணை அலுவலர் படிக்கும்போது அவருக்கு ஒரு தேதிகூடக் கிடைக்கவில்லை, மனிதர் மனுதாரர் மேல் கடுப்பில் இருக்கிறார் என்பது மட்டும் கிடைக்கிறது. மிரட்டினார் என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு இவரே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அந்த அம்மாவின் பக்கம் போய் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கணவர் இறந்தது ஜனவரி, மனு ஜூலை. அவருக்கு அது ஆறு மாதம்தான், அதில் பொய் எதுவும் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தது, ஆதாருக்கு அலைந்தது, இந்த அலுவலகத்துக்கு வந்தது எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரே அலைச்சல். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை, அது நமக்குத்தான் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் விளக்கத்தின் தொனியே மாறிவிடும். அவர் ஆறு மாதம் கஷ்டப்பட்டார் என்பதும், என் கையில் கோப்பு இருந்தது குறைவான நாள் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

"மனுதாரரின் கணவர் ஜனவரியில் காலமானார். அன்று முதல் மனு நாள் வரை ஏறத்தாழ ஆறு மாதம் ஆகியுள்ளதை மறுக்கவில்லை. விண்ணப்பம் இவ்வலுவலகத்தில் பெறப்பட்டது 12 மார்ச். பிறந்த ஆண்டு வேறுபாடு குறித்துச் சான்று கேட்டு 20 மார்ச் அன்று கடிதம் அனுப்பப்பட்டது. சான்று பெறப்பட்டது 28 மே. கருத்துரு அனுப்பப்பட்டது 9 ஜூன். எனவே கோப்பு என் நடவடிக்கையில் இருந்தது முதலில் 8 நாளும் பின்னர் 12 நாளும், ஆக 20 நாள்."

இதில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் தன்பதிவேட்டின் அல்லது அனுப்புகைப் பதிவேட்டின் பக்க எண்ணைப் போட்டுவிடுங்கள். முடிந்தது. பொய் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இன்னொன்றும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மார்ச் 20 கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா? சாதாரணத் தபாலில் போட்டிருந்தால் சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்காது, போனில் சொல்லியிருக்கலாமே என்று விசாரணை அலுவலர் கேட்பார். உங்கள் தரப்பில் ஓட்டை இருக்கும் இடம் எது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதை மறைக்க வார்த்தை ஜாலம் செய்யக் கூடாது.

இரண்டாவது குற்றச்சாட்டு: "போகும்போதெல்லாம் மிரட்டினார்." இங்கே நடந்ததை ஒப்புக்கொண்டு, நடக்காததை மறுத்து, சூழலைச் சொல்ல வேண்டும், அந்த வரிசையில். "28 ஏப்ரல் அன்று நான் குரலை உயர்த்தி, சான்று இல்லாமல் வர வேண்டாம் என்று கூறியது உண்மை. துக்கத்தில் இருந்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அதற்கு வருந்துகிறேன். மற்ற நாட்களில் அவ்வாறு பேசவில்லை. மிரட்டும் சொல் எதையும் எந்த நாளிலும் கூறவில்லை. அன்று பக்கத்துப் பிரிவின் பணியும் கூடுதலாக எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, அதற்கான ஆணையின் நகலை இணைத்துள்ளேன்."

சூழலுக்கும் சாக்குக்கும் உள்ள வித்தியாசம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. வேலைப்பளுவை முதலில் சொல்லி, அப்புறம் "யாராக இருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும்" என்று முடித்தால் அது சாக்கு. நடந்ததை ஏற்றுக்கொண்ட பிறகு, சரிபார்க்கக்கூடிய ஓர் ஆணையோடு சொன்னால் அது சூழல், தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது அதைக் கணக்கில் எடுப்பார்கள். "அந்தம்மா தினமும் வந்து தொல்லை செய்தார்" என்பது ரெண்டிலும் சேராது, அது தாக்குதல்.

## எவ்வளவு நிரூபித்தால் போதும்?

இதைப் பற்றித்தான் அதிகத் தவறான எண்ணம் இருக்கிறது. கோர்ட்டில் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், ஒரு ஓட்டை இருந்தால் போதும் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். துறை விசாரணையில் அளவுகோல் வேறு. இருக்கும் ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நியாயமாகச் சொல்ல முடிந்தால் போதும். இதற்கு சாத்தியக்கூறு மேலோங்குதல் என்று பெயர்.

1977-இல் ஹரியானா அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு பயணிகளுக்கு டிக்கெட் கொடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. பயணிகளில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லையே என்பது அவர் தரப்பு வாதம். சோதனை செய்த இன்ஸ்பெக்டரின் சாட்சியே ஓர் ஆதாரம்தான், துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "நேரில் பார்த்த சாட்சி இல்லை" என்று உட்கார்ந்துகொண்டால் ஆபத்து. அதே சமயம் கொஞ்சமாவது ஆதாரம் இருந்தே ஆக வேண்டும். வெறும் சந்தேகமும், கேள்விப்பட்டேன் என்பதும் மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது.

நம் மூன்றாவது குற்றச்சாட்டு அந்த எல்லையில் நிற்கிறது. விசாரணை நாளில் அந்த அம்மா சாட்சி சொல்கிறார், அதன் பிறகு நீங்கள் அவரைக் கேள்வி கேட்கலாம், இதுதான் குறுக்கு விசாரணை, 17(ஆ)-இல் இது உங்கள் உரிமை. உரிமை என்றால் அவரை அழவைக்கும் உரிமை இல்லை. சினிமாவில் பார்த்ததை வைத்து "இவ்வளவு நாள் ஏன் புகார் கொடுக்கவில்லை, யார் உங்களைத் தூண்டிவிட்டது" என்று ஆரம்பித்தால், அவர் பதில் என்னவாக இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம். சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள், குரல் இறங்கியே இருக்கட்டும்.

"நான் உங்களிடம் ஒரு தொகையைச் சொன்னேனாம்மா?" இல்லை.
"பணம் கொடுத்தால்தான் நடக்கும் என்று உங்களிடம் சொன்னது யாரும்மா?" வெளியே ஜெராக்ஸ் கடையில் பேசிக்கொண்டார்கள்.
"அதன் பிறகு என்னிடம் அதைப் பற்றிக் கேட்டீர்களா?" இல்லை.

மூன்று கேள்வியில் எழுந்துவிடலாம். அவர் கெட்ட நோக்கத்தில் எழுதவில்லை, கேட்ட பேச்சையும் பட்ட கஷ்டத்தையும் சேர்த்து எழுதிவிட்டார் என்பது பதிவில் தானாக வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: ரெண்டாவது கேள்வியை, அவரது முதற்கட்ட வாக்குமூலத்தின் நகலைப் படித்து அதில் அந்த ஜெராக்ஸ் கடை இருப்பதைப் பார்த்திருந்தால் மட்டும் கேளுங்கள். பதில் தெரியாத கேள்வியைக் கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். நகல் வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

உண்மையாகவே முன்விரோதம் இருந்தால்? உதாரணமாக மனுதாரருக்கும் உங்களுக்கும் நிலத் தகராறு வழக்கு நடக்கிறது என்றால் அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வழக்கு எண்ணும் ஆண்டும் போட்டு ஒரு வாக்கியம், "இச்சாட்சியத்தை மதிப்பிடும்போது இதையும் கருத வேண்டுகிறேன்" என்று இன்னொரு வாக்கியம். அதோடு நிறுத்துங்கள். அவர் குணம், குடும்பம், அவரைப் பற்றி ஊரில் பேசுவது எதுவும் உள்ளே வரக் கூடாது.

விசாரணை அலுவலரே சம்பந்தப்பட்டவர் என்றால், உதாரணமாக முதற்கட்டத்தில் உங்களுக்கு எதிராகச் சாட்சியம் கொடுத்தவரையே விசாரணை அலுவலராகப் போட்டிருந்தால், விசாரணை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் மாற்றம் கேளுங்கள். முடிவு பாதகமாக வந்த பிறகு அவர் பாரபட்சமானவர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அதிலும் "அவர் நேர்மையற்றவர்" என்று எழுத வேண்டாம், "அவர் இவ்வழக்கில் சாட்சி" என்பது போதும். கோபித்துக்கொண்டு விசாரணைக்கே போகாமல் இருப்பது எல்லாவற்றிலும் மோசம், எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நீங்கள் இல்லாமலே முடித்துவிடுவார்கள்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அளவுகோல் கோர்ட்டைவிடத் தாழ்வானது, ஆகவே எதிர்த்தரப்பின் ஓட்டையை மட்டும் நம்பாமல் உங்கள் பக்கத்து ஆதாரத்தை நீங்களே வைக்க வேண்டும்.

## நிரூபிக்கப்படவில்லை என்றால் பொய் என்று ஆகுமா?

ஆகாது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றால் நடந்ததாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று மட்டும் அர்த்தம். பொய் என்று சொல்ல, தெரிந்தே பொய் சொன்னார் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இல் 14-ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: புகாரை நிரூபிக்க இயலாமல் போனது என்ற காரணத்துக்காக மட்டும் புகார்தாரர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. நல்ல விதி அது. அது இல்லாவிட்டால் உண்மையான புகாரோடு வருகிறவர்களும் சாட்சி இல்லை என்று பயந்து வாயை மூடிக்கொள்வார்கள்.

அதனால் விசாரணை நடக்கும்போது அவருக்கு போன் போட்டு "மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்பதோ, வீட்டுக்குச் சொந்தக்காரரை அனுப்புவதோ, வாட்ஸ்அப் குரூப்பில் மனுவைப் போடுவதோ வேண்டவே வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது சாட்சியைக் கலைப்பதாகத்தான் பதிவாகும், புதிதாக ஒரு மெமோ வரும், அது முதல் மெமோவைவிட எளிதாக நிரூபணமாகும்.

## அறிக்கை வந்த பிறகு

விசாரணை அலுவலர் தன் முடிவை அறிக்கையாகக் கொடுப்பார். தண்டனை தரும் அதிகாரம் உள்ளவர் அந்த அறிக்கையை ஏற்று முடிவெடுப்பதற்கு முன்னால் அதன் நகலை உங்களுக்குக் கொடுத்து, உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதியாகச் சொன்னது. இந்த இடத்தில் பலர் அசந்துவிடுகிறார்கள், விசாரணைதான் முடிந்ததே என்று பழைய விளக்கத்தையே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. நகல் தரவில்லை என்பதற்காக மட்டும் தண்டனை தானாக ரத்தாகிவிடாது, அது தராததால் உங்களுக்கு உண்மையில் என்ன பாதிப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டும். ஆவணம் மறுக்கப்பட்டபோது "இது இல்லாததால் இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல முடியவில்லை" என்று அன்றே எழுதி வைக்கச் சொன்னேனே, அந்தக் காகிதம் இங்கேதான் பேசும்.

நம் உதாரணத்தில் அறிக்கை இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: முதலாவதும் மூன்றாவதும் நிரூபிக்கப்படவில்லை, இரண்டாவது பகுதியளவு நிரூபணம். உதவியாளர் எழுத வேண்டிய பதில் அரைப் பக்கம்தான். நிரூபணமான பகுதி, தான் முதல் விளக்கத்திலேயே ஒப்புக்கொண்டு வருந்திய ஏப்ரல் 28 சம்பவம் மட்டும் என்று சுட்டிக்காட்டலாம். அதற்கு முன் தண்டனை எதுவும் பெற்றதில்லை என்றால் அதைச் சொல்லலாம், கூடுதல் பணி ஆணையை மறுபடி நினைவூட்டலாம், இவற்றைக் கருதி எடுக்கும் நடவடிக்கை அந்த ஒரு நாள் பேச்சின் அளவுக்கே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். மனுதாரர் மேல் நடவடிக்கை வேண்டும் என்று அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவார்கள். சேர்க்க வேண்டாம். அதற்குப் பதிலாக, கருத்துரு கணக்காயர் அலுவலகத்தில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்து அந்த அம்மாவுக்குத் தகவல் அனுப்ப வேறொரு உதவியாளரை நியமிக்கும்படி கேட்டு, அதையும் அந்தப் பதிலிலேயே எழுதலாம். ஆணை கையில் கிடைத்ததும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கான கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.